பதில் தாமதமானால் எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். சென்னை நிறுவனம் ஒன்று 24-ம் தேதி மின்னஞ்சல் அனுப்பியது. வட்டக் கழுத்து டி-ஷர்ட் 400, மார்பில் ஒற்றை வண்ண லோகோ, நேவி புளூ அல்லது பாட்டில் கிரீன், 20-ம் தேதி விழாவுக்கு முன் வேண்டும், விலை என்ன என்று கேட்டிருந்தார்கள். வீட்டிலும் யூனிட்டிலும் பல சிக்கல்கள். இன்று 3-ம் தேதி ஆகிவிட்டது. எழுதி வைத்திருக்கும் பதிலை இணைத்துள்ளேன். படிக்க எனக்கே சங்கடமாக இருக்கிறது. எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் வரைவில் முதல் ஏழு வரிகள் மாமனாரின் மருத்துவமனை நாட்கள், தையலுக்கு ஆள் வராதது, இடையில் பழுதான கணினி ஆகியவற்றைப் பற்றியவை. விலை எட்டாவது வரியில்தான் வருகிறது. எதிர்முனையில் கொள்முதல் பிரிவில் இருப்பவர் இதைக் கைபேசியில் பார்க்கும்போது, மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே முதல் வரியின் தொடக்கம் அவர் கண்ணில் படும். அங்கே ‘தங்கள் மேலான மின்னஞ்சலுக்கு உரிய நேரத்தில் பதில் அளிக்க இயலாமல் போனதற்கு’ என்று இருந்தால், இல்லை என்று சொல்லப்போகிறார்கள் என்றே நினைப்பார். அந்த ஏழு வரிகளையும் எடுத்துவிடுங்கள். ‘தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்’ என்பது மட்டும் போதும்.

காரணம் சொல்லாமல் விட்டால் மரியாதைக் குறைவாகாதா என்று உங்களுக்குத் தோன்றும். நம் ஊர் வழக்கத்தில் அந்தத் தயக்கம் இயல்புதான். ஆனால் மருத்துவமனை என்று படித்ததும் அவர் நலம் விசாரித்தாக வேண்டும். ‘கோபித்துக்கொள்ள வேண்டாம்’ என்று படித்ததும் ‘பரவாயில்லை’ என்று எழுதியாக வேண்டும். டி-ஷர்ட் விலை கேட்டவருக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு? அவருடைய முடிவை மாற்றக்கூடிய காரணம் என்றால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வரைவில் இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. மன்னிப்புக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது 24-ம் தேதி சொல்லியிருக்க வேண்டிய பதில். ‘இரண்டு நிறமும் முடியும், விழாவுக்கு முன் தந்துவிடுகிறோம்’ என்பது அன்றைக்குச் சரி. இன்றைக்கும் சரிதானா? பாட்டில் கிரீன் துணி கையிருப்பில் இல்லை, சாயப்பட்டறைக்கு அனுப்பி, துணி திரும்பி வந்து, வெட்டித் தைத்து முடிக்க மூன்று வாரம் ஆகும் என்று எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். 24-ம் தேதி தொடங்கியிருந்தால் 14-ம் தேதி வாக்கில் முடிந்திருக்கும். இன்று தொடங்கினால் விழா கடந்துவிடும். விலையும் அப்படித்தான். நடுவில் ஒன்றாம் தேதி வந்துபோயிருக்கிறது. மாதத் தொடக்கத்தில் நூற்பாலைகள் நூல் விலையை மாற்றியிருந்தால், போன மாதக் கணக்கில் போட்ட விலை உங்கள் கையைக் கடிக்கும். ஆகவே எழுத உட்காரும் முன் துணிக்காரரிடமும் பிரின்டிங் யூனிட்டிலும் இரண்டு போன் பேசிவிடுங்கள். தாமதத்தின் மேல் இன்னும் அரை மணி நேரம் போனால் ஒன்றும் குறையாது. தவறான தேதி கொடுத்து இரண்டாவது மன்னிப்புக் கடிதம் எழுதுவதுதான் வினை.

அந்தத் தகவல்கள் கையில் வந்தபின், புதிய மின்னஞ்சல் தொடங்காமல் அவர்கள் அனுப்பியதற்கே பதிலாக எழுதுங்கள். அவர்கள் கேட்டது கீழேயே இருப்பதால் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வரைவில் உள்ள 195 ரூபாயையே வைத்துக்கொண்டால் கடிதம் இப்படி அமையும்:

‘வணக்கம் சார். தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். 400 டி-ஷர்ட்டுகளை நேவி புளூ நிறத்தில் 18-ம் தேதி உங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட முடியும். 180 ஜிஎஸ்எம் பருத்தி, லோகோ பிரின்ட் சேர்த்து ஒன்று 195 ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. இந்த விலை 10-ம் தேதி வரை செல்லும்.

பாட்டில் கிரீன் துணி இப்போது இல்லை. சாயமிட்டு எடுத்தால் 26-ம் தேதி ஆகும். நான் முன்பே எழுதியிருந்தால் அந்த நிறத்திலும் விழாவுக்குத் தந்திருக்கலாம், அதற்கு வருந்துகிறேன்.

லோகோ கோப்பும் சைஸ் பட்டியலும் 5-ம் தேதி மாலைக்குள் கிடைத்தால், பிரின்ட் செய்த மாதிரி ஒன்றை 6-ம் தேதி எங்கள் செலவில் கூரியரில் அனுப்புகிறேன்.’

இதில் வருத்தம் இரண்டு இடத்தில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதலாவது, உபசாரத்துக்காக. இரண்டாவது அப்படியல்ல. உங்கள் தாமதத்தால் அவர்கள் உண்மையிலேயே இழந்தது பச்சை நிறம் ஒன்றுதான். அதை மறைத்து ‘நேவி புளூ இன்னும் எடுப்பாக இருக்கும்’ என்று திசை திருப்பினால், கொள்முதலில் பழகியவர்களுக்கு உடனே புரிந்துவிடும். எங்கே நஷ்டமோ அங்கே ஒரு வரி சொல்லுங்கள். அதற்காக டி-ஷர்ட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளவும் முனையாதீர்கள். 400 உருப்படிக்கு அது 4,000 ரூபாய். அடுத்த ஆர்டரிலும் அந்த விலையைத்தான் கேட்பார்கள். மாதிரியின் கூரியர் செலவை ஏற்றுக்கொள்வது இந்த அளவு தாமதத்துக்குப் போதுமானது.

லோகோவுக்குத் தேதி வைத்ததற்கும் காரணம் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான்: மார்பு பிரின்ட்டை வெட்டிய துணியில் போட்டுவிட்டுத்தான் தைப்பீர்கள். லோகோ வராமல் தையல் தொடங்காது என்பது சென்னையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஏற்கெனவே நாட்கள் போய்விட்ட நிலையில், ‘மேற்கொண்டு தங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம்’ என்று முடித்தால் இன்னும் நான்கு நாள் போகும். அவர் எதை, எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கடைசி வரியில் இருக்கட்டும்.

போன் பேசியும் நூல் விலை உறுதியாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்காகப் பதிலை இன்னொரு நாள் தள்ளிப்போடாதீர்கள். நிறத்தையும் தேதியையும் இன்றே எழுதி, ‘விலை நாளை மதியம் 12 மணிக்குள்’ என்று சேர்த்துவிடுங்கள். நாளை விலை அனுப்பும்போது மன்னிப்பு வேண்டாம். சொன்ன நேரத்துக்கு அனுப்பினால் போதும்.

மின்னஞ்சல் போனதும் ஒரு போன் செய்யுங்கள். பத்து நாளில் அவர்கள் வேறு யூனிட்டில் ஆர்டர் கொடுத்திருக்கக்கூடும். ‘400 டி-ஷர்ட்டுக்கான விலையும் தேதியும் இப்போதுதான் அனுப்பினேன் சார், இன்னும் தேவைப்படுகிறதா?’ என்று கேளுங்கள். அவரே ‘ஏன் இவ்வளவு நாள்?’ என்றால், ‘வீட்டில் ஒரு மருத்துவ அவசரம் சார்’ என்று சொல்லிவிட்டு லோகோ கோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுங்கள்.