சான்றிதழ் மொழிபெயர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மாற்றுச் சான்றிதழை நானே ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கினால் போதுமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பெரும்பாலும் போதாது. விண்ணப்பதாரரே செய்த மொழிபெயர்ப்பைப் பல வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்கள் ஏற்பதில்லை. நோட்டரியும் பொதுவாகக் கையெழுத்துக்குத்தான் சான்றளிக்கிறார். தமிழில் உள்ளது ஆங்கிலத்தில் சரியாக வந்திருக்கிறதா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்பதைப் பெறும் நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பில் தேதிகள் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? என் பழைய சான்றிதழ் முழுவதும் கையெழுத்தில் உள்ளது. (வாசகர், நெல்லிக்குப்பம்)

நீங்கள் அனுப்பிய நகலையே எடுத்துக்கொள்கிறேன். பிறந்த தேதி எண்ணில் 7-6-1978 என்றும், எழுத்தில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு’ என்றும் உள்ளது. மொழிபெயர்ப்பிலோ எண் சரியாக இருக்க, எழுத்தில் எண்பத்தேழு என்று வந்திருக்கிறது. எழுபத்தெட்டும் எண்பத்தேழும் வேகமாகப் படிப்பவரின் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதால், இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். கையெழுத்துப் பிரதிகளில் ஜூனும் ஜூலையும் இடம் மாறுவது இதற்கு அடுத்த பிழை.

எண்ணை எண்ணோடும் எழுத்தை எழுத்தோடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். எண் பொருந்திவிட்டது என்று எழுத்தைத் தாண்டிப் போகக் கூடாது. பிறகு அதே தாளில் உள்ள மற்ற தேதிகளோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 1989 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. 1978இல் பிறந்தவருக்கு அப்போது வயது 11, அது பொருந்துகிறது. 1987 என்றால் இரண்டு வயதில் ஆறாம் வகுப்பு! இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மாதத்தை ஆங்கிலத்தில் எண்ணாக மட்டும் விட்டுவிடாமல், பெயராகவும் எழுதச் சொல்லுங்கள். நாம் நாளை முன்னே வைக்கிறோம். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னே வைக்கிறார்கள். வெறும் 7-6 அங்கே ஜூலை ஆறாகப் படிக்கப்படும். மூலச் சான்றிதழிலேயே எண்ணும் எழுத்தும் முரண்பட்டால், இரண்டையும் உள்ளபடியே எழுதி, மூலத்தில் இப்படித்தான் உள்ளது என்று மொழிபெயர்ப்பாளர் சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பிட வேண்டும். எது சரி என்று தீர்மானிப்பது அவர் வேலையன்று.

கேள்வி: என் பள்ளிச் சான்றிதழில் ‘க. இலட்சுமி’ என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராக உள்ளது. மொழிபெயர்ப்பில் பாஸ்போர்ட் பெயரையே போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார் தட்டச்சு நிலையத்தார். சரிதானே? (வாசகி, பண்ருட்டி)

சரியன்று, அம்மா. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் மாதந்தோறும் இதே கடிதம் வருகிறது. அதைவிட, காசு வாங்கிக்கொண்டு இந்த யோசனையைச் சொல்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். மொழிபெயர்ப்பு என்பது சான்றிதழைத் திருத்தும் இடமன்று. நீங்கள் பள்ளியை விட்டபோது க. இலட்சுமியாகத்தான் இருந்தீர்கள், அன்றைய தாள் அன்றைய பெயரைத்தான் சொல்ல முடியும்.

மொழிபெயர்ப்போடு தமிழ் மூலத்தின் நகலும் போகிறது. சரிபார்ப்பவர் தமிழ் அறிந்தவராக இருந்தாலோ, பள்ளிக்கே கடிதம் எழுதிக் கேட்டாலோ, அந்தப் பெயரில் எவரும் இங்கே படிக்கவில்லை என்ற பதில்தான் வரும். அப்போது பெயர் வேறுபாடு என்ற சிறிய விஷயம், ஆவணத்தை மாற்றினார் என்ற பெரிய குற்றச்சாட்டாகிவிடும்.

உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று பார்ப்போம். தமிழில் க என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தில் ‘கே’யாகவும் வரலாம், ‘ஜி’யாகவும் வரலாம். ப, த, ச ஆகிய எழுத்துகளிலும் இதே ஐயம் உண்டு. இதை ஊகிக்க வேண்டியதில்லை, அந்தத் தாளிலேயே விடை இருக்கிறது. தந்தை பெயர் கணபதி என்று இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ‘ஜி’யில் தொடங்குகிறது. ஆகவே தலைப்பெழுத்து ஜி. அதை முழுப்பெயராக விரித்தெழுதக் கூடாது, எழுத்தாகவே நிற்க வேண்டும். ‘இலட்சுமி’யின் முன்னுள்ள இகரம் தமிழ் எழுத்து மரபுக்காக வந்தது. பாஸ்போர்ட்டில் அது இல்லாமல் ‘எல்’லில் தொடங்குவதால், மொழிபெயர்ப்பிலும் அப்படியே தொடங்கலாம். இராமன், இரவி போன்ற பெயர்களுக்கும் இதுவே முறை. ஒரே பெயருக்கு எந்த ஆங்கில எழுத்துக்கூட்டல் என்பதற்குப் பாஸ்போர்ட்டை ஆதாரமாகக் கொள்ளலாம். ஒரு பெயருக்குப் பதில் வேறொரு பெயரை வைப்பதற்கு எதையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது.

இரண்டு பெயர்களும் ஒருவருடையவை என்று காட்டும் பொறுப்பு வேறு ஆவணங்களுடையது. திருமணப் பதிவுச் சான்றிதழைச் சேர்த்து அனுப்புங்கள். பெறும் அலுவலகம் ஏற்குமானால், ஒருவரே என்று உறுதிகூறும் பிரமாணப் பத்திரத்தையும் வையுங்கள். பள்ளி எழுதியதே தவறு என்றால், அதைத் திருத்த வேண்டிய இடம் அந்தப் பள்ளி. அரசுப் பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழானால் அரசுத் தேர்வுகள் இயக்ககம்.

கேள்வி: மதிப்பெண்களை வெளிநாட்டு முறைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாமா? (வாசகர், வில்லியனூர்)

கேட்கக் கூடாது. அது மதிப்பீட்டு நிறுவனத்தின் வேலை. மொழிபெயர்ப்பில் பெற்ற மதிப்பெண்ணும் மொத்த மதிப்பெண்ணும் மூலத்தில் உள்ளபடி நின்றால் போதும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மொத்தம் முன்பு 1200 ஆக இருந்து, பின்னர் 600 ஆனது. பழைய வார்ப்புருவைத் திறந்து தட்டச்சு செய்பவர்கள் மொத்தத்தை மாற்றாமல் விடுவதைக் கவனியுங்கள். 087 என்பதை ‘பூஜ்ஜியம் எட்டு ஏழு’ என்று எழுதியிருந்தால், பூஜ்ஜியத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எண்களைவிடச் சொற்களில்தான் ஆபத்து அதிகம். ‘பத்தாம் வகுப்பு பயின்றார்’ என்பது தேர்ச்சி பெற்றார் என்று ஆங்கிலத்தில் மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது இல்லாத தகுதியைச் சேர்ப்பதாகும். நடத்தை ‘நன்று’ என்றால் நன்று என்ற அளவிலேயே நிற்க வேண்டும், ‘மிக நன்று’ ஆகக் கூடாது.

கேள்வி: சான்றிதழின் படத்தை இணைத்துள்ளேன். மொழிபெயர்ப்பு சரியா? (வாசகர், விருத்தாசலம்)

பாதித் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறீர்கள். கீழ்ப்பகுதியும் இல்லை, பின்பக்கமும் இல்லை. எதை எதோடு ஒப்பிடுவது? தலைமையாசிரியரின் கையொப்பம், பள்ளி முத்திரையில் உள்ள எழுத்துகள், ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய திருத்தம், பின்பக்கக் குறிப்பு ஆகிய யாவும் மொழிபெயர்க்கப்பட வேண்டியவை. மங்கியிருந்தால் ‘படிக்க இயலவில்லை’ என்று குறிக்க வேண்டுமே தவிர ஊகித்து நிரப்பக் கூடாது. இரு பக்கங்களையும் முழுமையாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

கேள்வி: பிரான்சில் சமர்ப்பிக்க, ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றலாமா? (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

தமிழிலிருந்து நேராகச் செய்பவர் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையேல், பிரெஞ்சில் எழுதுபவரிடம் தமிழ் மூலத்தையும் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, பெயர்களையும் தேதிகளையும் ஆங்கிலப் பிரதியிலிருந்து எடுக்காமல் அவற்றிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டுமா என்று பெறும் அலுவலகத்திடம் முன்னரே கேட்டுவிடுங்கள்.