ஒரு தவறு செய்த பழைய ஊழியருக்குப் பரிந்துரைக் கடிதம்

கேள்வி: என்னிடம் சில வருடம் வேலை பார்த்து விலகியவர் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் ஒருமுறை பெரிய நஷ்டம் வர வைத்தவர். மறைத்து எழுதவும் மனம் வரவில்லை, அவர் பிழைப்பைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. எப்படி எழுதுவது?

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட் நடத்துகிறேன். மூன்று வருடம் நாலு மாதம் என்னிடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவர், விலகி அரை வருடம் கழித்து போன் செய்தார். "அண்ணா, பெரிய கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ முடிந்துவிட்டது. உங்களிடமிருந்து ஒரு லெட்டர் வாங்கி வரச் சொல்கிறார்கள்" என்றார். உங்களுக்கு இருக்கும் அதே சங்கடம் எனக்கும் இருந்தது.

முதலில் அவர் கேட்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் எல்லாவற்றையும் 'லெட்டர்' என்றுதான் சொல்வார்கள். எந்த வேலையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார் என்று மட்டும் சொல்வது பணிச் சான்றிதழ். அதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது தவறு, கோபம் இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும். பரிந்துரைக் கடிதம் அப்படியல்ல. அது உங்கள் கருத்து, எழுத முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மனசாட்சிப்படி நல்லதாக இரண்டு வரி வராது என்றால், சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு அதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பாதி மனதோடு எழுதிய கடிதம் மறுப்பதைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

அடுத்து, புது இடத்தில் என்ன வேலை என்று கேட்டேன். சரக்கு வாங்கும் பையருடன் கடிதப் போக்குவரத்து, சாம்பிள் அப்ரூவல், டையிங், பிரின்டிங் வேலைகளைத் துரத்திப் பிடிப்பது, அதோடு கொஞ்சம் காஸ்டிங், அதாவது விலைக் கணக்குப் போடுவது என்றார். இதைக் கேட்டுக்கொள்ளாமல் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியாது. ஒரு குறை ஒரு வேலைக்குப் பெரிதாக இருக்கும், இன்னொரு வேலைக்குப் பொருட்டாகவே இருக்காது.

முதலில் நான் எழுதியது 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' ரகம். எனக்கு வருகிற இப்படிப்பட்ட கடிதங்களை நானே படிக்காமல் ஃபைலில் போடுகிறவன், அதனால் கிழித்துவிட்டேன். இரண்டாவதை ஞாபகத்திலிருந்து எழுதினேன். 'டையிங் தாமதத்தை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து, இரண்டு முறை சரக்கை விமானத்தில் அனுப்ப வைத்தார்' என்று வந்தது. படிக்கும்போதே என் கோபம் எனக்குத் தெரிந்தது.

பிறகுதான் பழைய மெயில்களையும் ஆர்டர் ஃபைல்களையும் எடுத்துப் பார்த்தேன். விமானத்தில் போனது இரண்டு முறை என்பது உண்மை. ஆனால் முதல் முறை தாமதத்துக்குக் காரணம் நான். டையிங்காரருக்கு முன்பணத்தை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாரத்தில் இந்த ஊழியர் எனக்கு மூன்று மெயில் போட்டிருக்கிறார். இரண்டாவதுதான் அவர் தவறு. குழந்தைகள் உடுப்பு, 4,200 பீஸ். ஷேடு மாறி வந்த துணி மறுபடி சாயத்துக்குப் போனது. சரியாகிவிடும் என்று நம்பி ஒன்பது நாள் என்னிடம் சொல்லவில்லை. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, அந்த ஆர்டரில் லாபம் போய்க் கைப்பணமும் போனது. அந்த எரிச்சலில் என் மனம் முதல் கணக்கையும் அவர் தலையில் எழுதி வைத்திருந்தது. ஃபைலைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இதில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 2023இன் 356ஆம் பிரிவில் வருகிறது. ஒருவருடைய நலனைக் காப்பதற்காக நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அதிலேயே விலக்கு உண்டு. ஆனால் உரிய கவனம் எடுக்காமல் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணத்தில் சேர்ப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து பார்ப்பதுதான் அந்தக் கவனம்.

அந்த ஒன்பது நாளைச் சொல்வதா, விடுவதா? எனக்கு நானே மூன்று கேள்வி கேட்டுக்கொண்டேன். நான் நேரில் கண்டதா? அன்றே அவரிடம் சொன்னதா? புது வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ளதா? மூன்றுக்கும் ஆம் என்று வந்ததால் எழுதினேன். தாமதத்தை உடனே மேலே சொல்வதுதான் அங்கே அவருக்கு முக்கிய வேலையே. அதை மறைத்தால் என்னை நம்பி ஆள் எடுப்பவரை ஏமாற்றுகிறேன். சம்பள விஷயமாக அவர் என்னோடு போட்ட சண்டை, அடிக்கடி எடுத்த லீவு, செக்கிங் செக்‌ஷனில் பேசிக்கொண்ட கதைகள் எதுவும் இந்தக் கேள்விகளைத் தாண்டவில்லை. லீவு அப்பாவின் ஆஸ்பத்திரிக்காக எடுத்தது, அதை எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கடிதம் ஆங்கிலத்தில் போனது. முக்கியமான பகுதியின் சாரம் இது:

"இவர் மூன்று ஆண்டு நான்கு மாதம் இரண்டு பையர்களின் ஆர்டர்களைத் தனியாகக் கவனித்தார். வேலையை நான் தினமும் நேரில் பார்த்தேன். சாம்பிளில் பையர் சொல்லும் திருத்தங்களை ஒன்று விடாமல் குறித்து, அடுத்த சாம்பிளில் சரிசெய்து அனுப்புவார். மூன்றாம் ஆண்டில் ஒரு டையிங் தாமதத்தை ஒன்பது நாள் கழித்தே எனக்குத் தெரிவித்தார், அதனால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. பையர் கேட்பதற்கு முன் அவராகவே வந்து சொன்னார். அதன்பின் தினமும் காலையில் ஒவ்வொரு ஆர்டரின் நிலையையும் மெயிலில் அனுப்பத் தொடங்கினார். விலகும்வரை பதினான்கு மாதம் அது நிற்கவில்லை, அதுபோன்ற தாமதமும் மறுபடி வரவில்லை. காஸ்டிங் வேலையை எங்களிடம் அவர் செய்ததில்லை, அதுபற்றி என்னால் சொல்ல இயலாது."

குறை நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். கடைசி வரியில் வைத்தால் படிப்பவர் மனதில் அது ஒன்றுதான் தங்கும். 'ஆனால்' போட்டுத் தொடங்கினாலும் முன்னால் எழுதிய நல்லதெல்லாம் அடிபட்டுப் போகும். 'சில சமயம் பொறுப்பில்லாமல் நடந்துகொள்வார்' என்று பொதுவாக எழுதுவது இன்னும் மோசம். ஒன்பது நாள் என்றால் ஒன்பது நாள்தான், 'சில சமயம்' என்றால் படிப்பவர் மனதில் எத்தனையும் ஆகலாம்.

அனுப்பும் முன் அவரை வரச் சொல்லிப் படிக்கக் கொடுத்தேன். முகம் சுருங்கியது. "அந்த வரியை எடுத்துடலாமாண்ணா?" என்றார். எடுத்தால் மற்றதையும் எழுத எனக்கு மனம் வராது, வேண்டாமென்றால் வெறும் சான்றிதழ் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானா வந்துதானே சொன்னேன், அது இதுல இல்லையே" என்றார். உண்மைதான், என் டிராஃப்டில் அது விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு வாக்கியம் அவர் சேர்க்க வைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனி எச்.ஆரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். இப்படிக் கூப்பிடுவார்கள், அதனால் கடிதத்தின் நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். எழுத்தில் ஒன்றும் போனில் 'உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்' என்று வேறொன்றும் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "திரும்பி வந்தால் நீங்கள் எடுப்பீர்களா?" ஃபாலோ-அப் வேலைக்கு நாளைக்கே எடுப்பேன், காஸ்டிங்குக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றேன்.