ஒரு காய்ச்சல், இரண்டு கடிகாரம்

"பாராசிட்டமால் கொடுத்தும் குழந்தைக்குக் காய்ச்சல் திரும்புகிறது. இபுப்ரோஃபெனை மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், ஆனால் முதலில் ஒரே மருந்து போதுமா என்று பாருங்கள். அதன் அடுத்த வேளை வருவதற்குள் குழந்தை மறுபடி சோர்ந்தால்தான் இரண்டாவது மருந்து. இரண்டும் உடலில் வெவ்வேறு வழியில் வேலை செய்து, வெவ்வேறு வேகத்தில் வெளியேறுகின்றன. ஒரே தடத்தில் ஓடும் இரண்டு பேருந்துகள் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனி நேர அட்டவணை. அதனால் இடைவெளியை அதே மருந்தின் முந்தைய வேளையிலிருந்து எண்ண வேண்டும். பாராசிட்டமாலுக்குக் குறைந்தது 4 மணி நேரம், இபுப்ரோஃபெனுக்கு 6.

காலை 8 மணிக்குப் பாராசிட்டமால், 11க்கு இபுப்ரோஃபென், 2க்குப் பாராசிட்டமால், 5க்கு இபுப்ரோஃபென் என்றால் கணக்கு சரி. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொன்னபடிதான்.

தவறு பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். 2 மணிக்கு அப்பா கொடுத்தது தெரியாமல் 3 மணிக்கு அம்மா அதையே கொடுப்பார். பாட்டிலோடு ஒரு தாளைக் கட்டி, "2.10, பாராசிட்டமால், 250 சிரப், 4 மில்லி, அப்பா" என்று கொடுத்த கையோடு எழுதுங்கள். சிரப்பின் வீரியம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அதையும் விடாதீர்கள். சளி மருந்தையும் எழுதுங்கள், பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், வாந்தியெடுத்து நீர் வற்றிய குழந்தைக்கும், அம்மை போட்டிருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் வேண்டாம்.

காய்ச்சல் முழுதும் இறங்கும்வரை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 101 டிகிரியிலும் விளையாடும் குழந்தைக்கு அடுத்த வேளை மருந்தே தேவையில்லை.