ஷியர் படம் மூடுகிறது, மொமென்ட் படம் மூடவில்லை: தப்பு எங்கே?

*கேள்வி: 6 மீட்டர் பீம், இரு முனையிலும் சாதாரண சப்போர்ட். இடமிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை. அங்கிருந்து வலது முனைவரை மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் பரவல் சுமை. ரியாக்‌ஷன் இடது 40, வலது 20 என வந்தது. கூட்டினால் 60 சரியாக இருக்கிறது, ஷியர் படமும் பூஜ்யத்தில் முடிகிறது. ஆனால் வலது முனையில் மொமென்ட் 96 நிற்கிறது. படம் வரைந்ததில் தப்பா?*

வரைந்ததில் இல்லை, ரியாக்‌ஷனில்தான். கணக்கு போடும் முன்பே அதைக் கண்டுபிடித்திருக்கலாம். பரவல் சுமை மொத்தம் 48. அதன் நடுப்புள்ளி இடமிருந்து 4 மீட்டரில், அதாவது பீமின் வலப் பாதியில் இருக்கிறது. பெரிய சுமை வலப்பக்கம் சாய்ந்திருக்க, இடது சப்போர்ட் இரண்டு மடங்கு தாங்குமா?

இடது முனையைப் பற்றித் திருப்புத்திறன் எடுக்கும்போது அந்த 48-க்கு 2 மீட்டர் தூரம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2 என்பது சுமை தொடங்கும் இடத்திலிருந்து அதன் நடுவுக்கான தூரம், முனையிலிருந்து 4. திருத்தினால் 12×2 + 48×4 = 216, அதை 6-ஆல் வகுத்தால் வலது ரியாக்‌ஷன் 36. இடது 24.

கூட்டல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? வலதில் 20 வந்ததும் 60-லிருந்து கழித்துத்தானே 40 எடுத்தீர்கள்? அப்புறம் கூட்டினால் 60 வராமல் எங்கே போகும்! ஷியர் படம் மூடுவதும் அதே கூட்டல்தான், கோடாக வரைந்தது. எனவே இரண்டாவது ரியாக்‌ஷனைக் கழித்து எடுக்காமல், வலது முனையைப் பற்றித் தனியாகத் திருப்புத்திறன் எடுங்கள்: 12×4 + 48×2 = 144, வகுத்தால் 24. பிறகு கூட்டிப் பார்த்தால்தான் அது சோதனை.

உங்கள் படத்தில் மிஞ்சிய 96 வீணான எண் அல்ல. பீமின் நீளம் 6-ஆல் வகுத்தால் 16. இடது ரியாக்‌ஷன் அவ்வளவு கூடுதல். 40 − 16 = 24. சுமைகளைச் சரியாகக் கையாண்டு, ரியாக்‌ஷன் மட்டும் பிசகியிருந்தால் இந்தக் குறுக்குவழி எப்போதும் நிற்கும். முனையில் பூஜ்யம் வரவேண்டுமே என்று வளைவை இழுத்து மூடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

சரி, இப்போது ஷியர் 24-இல் தொடங்கி, புள்ளிச் சுமையில் 12-க்கு இறங்கும். அங்கிருந்து மீட்டருக்கு 12 வீதம் சரிந்து 3 மீட்டரில் பூஜ்யத்தைத் தொட்டு, வலது முனையில் −36 ஆகும். மொமென்ட் என்பது ஷியரின் பரப்பு: 2 மீட்டரில் 48, 3 மீட்டரில் 48 + 6 = 54. அங்கிருந்து முனைவரை உள்ள முக்கோணம் ½×3×36 = 54, கழித்தால் பூஜ்யம். உச்சம் புள்ளிச் சுமைக்குக் கீழே இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே கோட்டில் ஒரு முறிவு மட்டுமே, சரிவு 24-லிருந்து 12 ஆகும்.

கையால் வரையும்போது வளைவு வலது முனையில் படுத்துவிடும். அங்கே ஷியர் 36, எனவே சரிவு மிகச் செங்குத்தாக இருக்கவேண்டிய இடமே அதுதான்.