படுக்கையறை ஏசி: 18 வேண்டாம், காஸ்காரரும் வேண்டாம்

“ஏசியை 18ல வச்சாத்தான் அறை கெதியாக் குளிரும் எண்டு கணவர் சொல்றார். விடியப்புறம் 3 மணிக்கு நடுங்கி எழும்பி இழுத்துப் போர்க்கிறன். 26ல வச்சா அவருக்கு வேர்க்குது. கரண்ட் பில் தாங்க முடியேல்ல. போன மாசம் காஸ் குறைஞ்சிட்டுது எண்டு ஒருவர் வந்து காசு வாங்கிக்கொண்டு போனார். எந்த அளவிலதான் வைக்கிறது? எங்கட வீடு மேல்மாடி, ஏசி 12,000 பி.ரி.யு., இன்வேர்ட்டர் இல்லாதது.”
— வாசகி, கொட்டாஞ்சேனை

26இல் வையுங்கள், கூடவே ஃபேனையும் போடுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் முதல் ஒரு மணித்தியாலம் 24. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கணவரின் கணக்கு. ரிமோட்டில் உள்ள எண் பஸ் ரிக்கெற் மாதிரி. எந்த ஹோல்டில் இறங்குவது என்றுதான் அதில் இருக்கிறது. தூர இடத்துக்கு ரிக்கெற் எடுத்தால் பஸ் வேகமாக ஓடாது. உங்களுடையதைப் போன்ற இன்வேர்ட்டர் இல்லாத ஏசியில், வெளிப்பெட்டிக்குள் இருக்கும் கொம்பிரசர் ஒன்றில் முழு வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். 18 வைத்தாலும் 26 வைத்தாலும் முதல் அரை மணித்தியாலம் ஒரே அளவுதான் குளிரும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். 26இல் அறை குளிர்ந்ததும் வெளியிலுள்ள பெட்டி “டக்” என்று நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். கொழும்பின் புழுக்கத்தில், மேல்மாடி அறையில், 18 என்ற ஹோல்ட் வரவே வராது. கொம்பிரசர் விடியும்வரை நிற்காமல் ஓடும்.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் நித்திரைக்கு 18, 19 பாகை நல்லது என்று எழுதியிருப்பார்கள். அது தடித்த போர்வைக்குள் படுக்கிறவர்களுக்கான எண். போர்வைக்குள் தோலைச் சுற்றியுள்ள காற்று 32, 33 பாகையில் இருக்கும், உடம்பு அதைத்தான் தேடுகிறது. நாங்கள் மெல்லிய பருத்தி உடுப்போடு ஒரு பெட்சீற்றில் படுக்கிறோம். அதோடு, உடம்பின் வெப்பம் விடியப்புறத்தில்தான் ஆகக் குறைவு. 3 மணிக்கு நீங்கள் நடுங்குவது அதனால்தான். ரிமோட்டில் “ஸ்லீப்” பொத்தான் இருந்தால் அமுக்கிவிட்டுப் படுங்கள். அது தானாகவே ஒன்றிரண்டு பாகை கூட்டிவிடும்.

கணவருக்கு வேர்ப்பதற்கு மருந்து ஃபேன். மேலில் காற்றுப்பட்டால் 26 பாகை 23, 24 போலத் தெரியும். ஃபேன் இழுப்பது 60, 70 வொற், உங்கள் கொம்பிரசர் இழுப்பது ஏறக்குறைய 1,100 வொற். ஏசி போட்டால் ஃபேனை நிற்பாட்ட வேண்டும் என்று யார் இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை கொம்பிரசர் நிற்காமல் ஓடினால் 8.8 யுனிற், மாதத்துக்கு 264. 26இல் வைத்து, பாதி நேரம் கொம்பிரசர் நின்றால் 4.4 யுனிற். ஃபேனுக்கு அரை யுனிற் சேர்த்தாலும் 4.9தான், மாதத்துக்கு 147. மிச்சம் 117 யுனிற். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால் இந்த 117உம் பில்லின் உச்சிப் படியிலிருந்துதான் கழியும், அதாவது ஆக விலை கூடிய யுனிற்றுகள். ரூபாக் கணக்கை நான் எழுதவில்லை. எழுதி முடிப்பதற்குள் விலையை மாற்றிவிடுவார்கள், அந்தப் பில்லைப் படித்து விளங்கிக்கொள்ளத் தனியாக ஒரு வகுப்பு வைக்க வேண்டும். என்னை நம்பவும் வேண்டாம். படுக்கப் போகும்போது மீற்றரின் எண்ணைக் குறித்துவையுங்கள், எழும்பியதும் பாருங்கள். ஓரிரவு 18, அடுத்த இரவு 26. கணவரோடு வாதாட அதைவிட வேறொன்றும் தேவையில்லை.

இப்போது மேல்மாடி விஷயம். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீற் கூரைத் தட்டு, பொழுதுபட்ட பிறகும் உள்பக்கமாக வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அறையின் காற்று 26 ஆக இருந்தாலும், தலைக்கு மேல் 32 பாகையில் ஒரு தட்டு இருந்தால் உடம்புக்கு அதைவிடச் சூடாகத்தான் தெரியும். உங்கள் கணவர் சும்மா முறையிடவில்லை. ஒரு கதிரையில் ஏறி, சுவரின் உச்சியில் ஒரு கையையும் இடுப்பளவில் மற்றக் கையையும் வைத்துப் பாருங்கள், மேலே இளஞ்சூடு தெரியும். அப்படியான அறையில் மாலை 6 மணியிலிருந்து யன்னல்களைத் திறந்து ஃபேனைப் போட்டு, சூட்டை வெளியே போகவிடுங்கள். 10 மணிக்கு யன்னலைச் சாத்தி 24இல் தொடங்குங்கள். ஒரு மணித்தியாலத்தில் சுவரின் சூடும் மெத்தையின் சூடும் கொஞ்சம் தணியும், பிறகு 26. அந்த ஒரு மணிக்கு அரை யுனிற் கூடினாலும் பரவாயில்லை. நிரந்தர வழி, தட்டின் மேல்பக்கத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. அதற்கு அடுக்குமாடிச் சங்கம் சம்மதிக்க வேண்டும், கூட்டம் கூட வேண்டும், மற்ற மாடிக்காரர் “எங்களுக்கென்ன” என்பார்கள். கட்டும்போதே தட்டின்மேல் ஒரு வெப்பத்தடுப்பு போடச் சொல்லாமல் வரைபடங்களுக்குக் கையெழுத்து வைக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். யார் கேட்பது?

காஸ் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம். ஏசியின் காஸ் பெற்றோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் ஏற்றுகிறவர் சில மாதத்தில் மறுபடி வருவதற்கு இப்போதே நாள் குறித்துவிட்டார். ஓட்டை இல்லாத ஏசிக்கு ஏற்றிவிட்டால் இன்னும் மோசம். அளவுக்கு மிஞ்சிய காஸோடு கொம்பிரசர் திணறும், மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். பில் தாங்க முடியவில்லை என்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இங்கேயே இருக்கலாம்.

நீங்களே பார்க்கலாம். உள்பெட்டியின் பில்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டுங்கள். ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு, சின்ன வெப்பமானி ஒன்றை முதலில் காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கத்திலும், பிறகு காற்று வரும் வாயிலும் பிடியுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 பாகைவரை வித்தியாசம் இருந்தால் காஸ் குறையவில்லை. பில்டரும் சுத்தமாக இருந்து, வித்தியாசம் 4, 5தான் என்றால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

வருகிறவர் குழாயில் அளவுக்கருவியைப் பூட்டி, ஊசியைக் காட்டி “பிரஷர் இல்ல” என்றால் போதாது. அழுக்கு பில்டரும் அதே ஊசியைக் கீழே இறக்கும். வெளிப்பெட்டியில் செப்புக்குழாய் வந்து சேரும் பித்தளை நட்டைப் பாருங்கள். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டியிருந்தால் ஓட்டை அங்கேதான். சவர்க்கார நுரை பூசினால் குமிழி கிளம்பும். கடற்காற்று அடிக்கும் பக்கமென்றால் வெளிப்பெட்டியின் தகடுகளும் அரித்திருக்கலாம். ஓட்டையை அடைத்து, குழாய்க்குள் உள்ள காற்றைப் பம்பால் முழுக்க இழுத்துவிட்டு, வெளிப்பெட்டியின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்துத்தான் காஸ் ஏற்ற வேண்டும். தராசு கொண்டுவரவில்லை, கை அனுபவம் போதும் என்பவருக்கு, வந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.