குடிகார அப்பாவை நாவலில் எழுதுவது

கேள்வி: சேலத்துக் கொலுசுப் பட்டறைக் குடும்பத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். அப்பா குடிகாரர். அறிவுரை வாடை இல்லாமல் எப்படி எழுதுவது?

அவருடைய ராத்திரியை விட்டுவிட்டுக் காலையை எழுதுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவருக்குக் கடைசி மடக்கு போன சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். அந்தக் கையோடு செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்து கொலுசு வளையம் பற்றவைக்க முடியாது. டாஸ்மாக் திறப்பதோ பகல் 12 மணிக்கு. அதனால் முந்தின ராத்திரி குவார்ட்டரில் கொஞ்சத்தை மனைவியே எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறாள். விடிந்ததும் அவளே ஊற்றிக் கொடுக்கிறாள். நடுக்கம் நிற்கிறது, கூலி வருகிறது. இந்த இடத்தில் யாரைத் திட்டுவது? நாவலாசிரியருக்குத் தீர்ப்பு சொல்ல வேலையே இல்லை.

ஒரே நாளில் விட்டார், திருந்தினார் என்ற கதையை நான் நம்புவதில்லை. இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டி மந்திரிக்கக் கூப்பிடுவாள், மகள் ஆஸ்பத்திரி என்பாள். மனைவி அந்த டப்பாவைப் பார்ப்பாள். மூவரும் அவரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சண்டையை நிதானமாக எழுதுங்கள்.