கலெக்டரிடம் கொடுத்த மனு யார் மேசையில் முடிகிறது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கலெக்டர் ஆவேன் என்று உறுதியாக இருக்கிறாள் என எழுதியிருந்தீர்கள். ‘கலெக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஏழைகளின் பிரச்சினை தீர்ந்துவிடும், அதனால்தான் அந்த வேலை’ என்று அவள் சொல்வதாகவும், மாநில அரசின் குரூப் 1 தேர்வும் எழுதச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேர்வைப் பற்றிப் பிறகு பேசலாம். கையெழுத்தைப் பற்றி அவள் நினைத்திருப்பதை முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு மனுவின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. கணவரை இழந்த ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட் நிலம். மாமனார் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். இந்தப் பெண்ணின் கணவர் உழுதுவந்த 40 சென்ட்டைத் தன் பெயருக்குத் தனிப் பட்டாவாக மாற்றித் தர வேண்டும் என்பது மனு. ஆட்சியர் பொறுமையாகக் கேட்கிறார், மனுவில் குறிப்பெழுதுகிறார். மனுவுக்கு எண் விழுகிறது, ரசீது கிடைக்கிறது. அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்.

மனு அங்கிருந்து கீழே இறங்குகிறது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. உண்மையான வேலை தொடங்குவது இங்கேதான். வி.ஏ.ஓ. நில உரிமைக் கணக்கான சிட்டாவையும் பயிர்க் கணக்கான அடங்கலையும் எடுத்துப் பார்க்கிறார். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. ஊரில் விசாரிக்கும்போது, மனுவில் சொல்லாத ஒன்று தெரியவருகிறது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளின் பெயரை வாரிசுகளில் யாருமே சேர்க்கவில்லை. சட்டப்படி அவருக்கும் சம பங்கு உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரமும் பதிவாகவில்லை. 40 சென்ட் என்பது குடும்பத்துக்குள் வாய்ப்பேச்சாக இருந்துவந்த ஏற்பாடு மட்டுமே.

இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வட்டாட்சியர் என்ன செய்ய முடியும்? எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா வழங்கலாம். தனிப் பட்டா வேண்டுமென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாக வேண்டும். அதன் பிறகு நில அளவர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, நிலத்தின் வரைபடமான புலப்படத்தில் கோடு போட வேண்டும். சகோதரர்களில் ஒருவர் ‘அந்த 40 சென்ட் எனக்குத்தான்’ என்று எழுத்தில் ஆட்சேபித்தால், யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பது வட்டாட்சியரின் வேலையே அல்ல. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வட்டாட்சியரின் ஆணை தவறு என்றால் மேல்முறையீடு எங்கே? 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம். அதற்கும் மேலே சீராய்வு கேட்டால் மாவட்ட வருவாய் அலுவலரிடம். இந்த ஏணியில் கலெக்டர் எங்கேயும் இல்லை. அவர் நல்லவராக இருந்தாலும், அந்தப் பெண்மீது இரக்கம் கொண்டாலும், ‘பட்டா கொடு’ என்று அவர் எழுதும் வரிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கோப்பை விரைவுபடுத்தலாம், ஏன் தாமதம் என்று கேட்கலாம். அவ்வளவுதான்.

மனுக்கள் கெட்டுப்போகும் இடத்தையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘மனு பரிசீலனையில் உள்ளது’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு பதில் போகும், கணக்கில் அந்த மனு முடிந்ததாகிவிடும். இப்படிப்பட்ட பதில்களைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். ஏனென்றால் அந்தத் தாளை வைத்து அவர்களால் எங்கும் போக முடியாது. ஆணை இருந்தால்தான் மேல்முறையீடு செய்யலாம். ‘இந்தக் காரணத்தால், இந்த ஆவணம் இல்லாததால், உமது கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, இத்தனை நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்’ என்று தேதியோடு வரும் மறுப்பு, வழவழவென்ற பத்து ஆறுதல் கடிதங்களைவிட மேலானது. நம் கதையில் வரும் பெண்ணுக்கும் அதுதான் உதவும். நாத்தனாரிடம் பேச வேண்டும், பத்திரம் பதிய வேண்டும் என்ற அடுத்த அடி அதில்தான் தெரிகிறது.

அப்படியானால் கலெக்டர் நாள் முழுவதும் என்ன செய்கிறார்? பெரும்பாலும் பிற துறைகளைச் சேர்த்து இழுத்துப்போகிறார். தேர்தல் வந்தால் அவரே மாவட்டத் தேர்தல் அலுவலர். வெள்ளம் வந்தால் முகாம், உணவு, நிவாரணக் கணக்கு எல்லாம் அவர் தலையில். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும் உண்டு. ஆனால் காவல் கண்காணிப்பாளர் தம் துறை மேலதிகாரிகளுக்குக் கட்டுப்பட்டவர். அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர் சுகாதாரத் துறைக்குக் கட்டுப்பட்டவர். இவர்களையெல்லாம் உட்காரவைத்து வேலை வாங்குவது ஆய்வுக் கூட்டங்களில்தான். கூட்டம், கோப்பு, மறுபடி கூட்டம் என்று போகும் நாட்கள் அவை.

உங்கள் மகள் சொல்வதைப் பார்த்தால், தனி மனிதரின் வழக்கை எதிரே வைத்து முடிவெடுக்கும் வேலையைத்தான் அவள் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அது கோட்டாட்சியரின் நாற்காலி. பட்டா மேல்முறையீடு மட்டுமல்ல. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்துபோனால், பெற்றோரை எதிரே உட்காரவைத்து வாக்குமூலம் வாங்குபவர் கோட்டாட்சியர். பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்டு வந்து நிற்பதும் அவர் முன்னால்தான். அழுகையையும் கேட்க வேண்டும், எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும், இரண்டையும் எடைபோட்டு நான்கு பக்கம் காரணத்தோடு எழுத வேண்டும்.

தேர்வு எழுதி இந்த நாற்காலிக்கு வர இரண்டு வழி. குரூப் 1 மூலம் துணை ஆட்சியராகத் தேர்வானவர்கள் இங்கே வருகிறார்கள், ஐ.ஏ.எஸ். தேறியவர்களும் பயிற்சி முடிந்ததும் சார் ஆட்சியர் என்ற பெயரில் இதே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி சில ஆண்டுகளில் இதைக் கடந்து மேலே போய்விடுவார். துணை ஆட்சியர் இந்த மாதிரிப் பணிகளிலேயே நீண்ட காலம் இருப்பார். பல ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வில் ஐ.ஏ.எஸ். ஆகவும் வழி இருக்கிறது. அதனால் குரூப் 1-ஐ அவள் தோற்றால் பிடித்துக்கொள்ளும் மாற்றாக நினைக்க வேண்டாம். அவள் விரும்பும் வேலை அதில்தான் கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் எழுதட்டும்.

படிக்கத் தொடங்குமுன் ஒரு வேலை கொடுங்கள். eservices.tn.gov.in தளத்தில் உங்கள் குடும்ப நிலத்தின் சிட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, வீட்டிலுள்ள பத்திரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெயர் யாருடையது, அளவு ஒத்துப்போகிறதா, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று அவளே ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்து, மே, ஜூன் மாதங்களில் உங்கள் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இடம் அது; மக்களும் மனு கொடுப்பார்கள். ஒரு நாள் முழுவதும் அங்கே நின்று பார்க்கட்டும். சலிப்பு வருகிறதா, அடுத்த மனுவில் என்ன இருக்கும் என்று எட்டிப்பார்க்கத் தோன்றுகிறதா என்பதை அன்று மாலையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதை அந்தக் கடிதம் வந்த பிறகு பேசுவோம்.